மூன்று பண்புக் கலப்புக்கு 64 பெட்டி வேண்டாம்

கேள்வி: அண்ணா, நான் பாலக்கோடு பக்கம், பிளஸ் டூ படிக்கிறேன். ஒரு பண்புக்குப் புன்னட் கட்டம் போட்டுவிடுவேன். இரண்டு, மூன்று பண்பு சேர்ந்து வந்தால் பெட்டி நிரப்பும்போதே தப்பாகிவிடுகிறது. அதிலேயே நிகழ்தகவும் கேட்டால் எதைப் பெருக்குவது, எதைக் கூட்டுவது, எதால் வகுப்பது என்று குழம்புகிறேன். வரிசையாகச் செய்ய ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, பெரிய கட்டமே போடாதீர்கள். ஒவ்வொரு ஜீனுக்கும் தனித்தனியாக ஒரு சின்னக் கட்டம் போட்டு, அதிலிருந்து கிடைக்கும் பின்னங்களைக் கடைசியில் பெருக்கினால் போதும். அப்படிப் பெருக்க அனுமதி தருவது மெண்டலின் சார்பின்றி ஒதுங்குதல் விதி. அது பொருந்தாத இடமும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் ஊர்ச் சந்தைக்கு வரும் பயிரையே எடுத்துக்கொள்வோம். தக்காளியில் பார்த்தவுடன் தெரியும் மூன்று பண்புகள் இருக்கின்றன. தண்டில் ஊதா நிறம் ஓங்கு (A), வெறும் பச்சை ஒடுங்கு (a). ஓரம் வெட்டுப்பட்ட சாதாரண இலை ஓங்கு (C), உருளைக்கிழங்குச் செடி போல ஓரம் வெட்டில்லாத அகல இலை ஒடுங்கு (c). சிவப்புப் பழம் ஓங்கு (R), மஞ்சள் பழம் ஒடுங்கு (r). இந்த மூன்று ஜீன்களும் மூன்று வெவ்வேறு குரோமோசோம்களில் இருக்கின்றன: a 11ஆவதில், c 6ஆவதில், r 3ஆவதில். அதனால் இங்கே தாராளமாகப் பெருக்கலாம்.

கணக்கு இது. ஊதாத் தண்டு, வெட்டிலை, சிவப்புப் பழம் உள்ள ஒரு செடியை, பச்சைத் தண்டு, வெட்டிலை, சிவப்புப் பழம் உள்ள இன்னொன்றோடு கலக்கிறோம். பிள்ளைச் செடிகளில் சில பச்சைத் தண்டாக, சில உருளை இலையாக, சில மஞ்சள் பழமாக வருகின்றன. ஊதாத் தண்டு, வெட்டிலை, மஞ்சள் பழம் மூன்றும் சேர்ந்து வர வாய்ப்பு எவ்வளவு?

முதல் வேலை பெற்றோரின் ஜீனாக்கத்தை எழுதுவது. ஓங்கு பண்பு தெரிந்தால் ஒரு எழுத்துதான் உறுதி, இன்னொன்றுக்குக் கோடு போட்டு வையுங்கள்: முதல் செடி A_ C_ R_, இரண்டாவது aa C_ R_. கோட்டை நிரப்பப் பிள்ளைகளைப் பாருங்கள். ஒடுங்கு பண்புள்ள ஒரு பிள்ளை வந்தாலே, பெற்றோர் இருவரிடமும் அந்தச் சின்ன எழுத்து இருந்தாக வேண்டும். பச்சைத் தண்டுப் பிள்ளை இருப்பதால் முதல் செடி Aa. உருளை இலையும் மஞ்சள் பழமும் வந்ததால் இரண்டு செடிகளுமே Cc, Rr. ஆக கலப்பு AaCcRr × aaCcRr. இந்த வரி தப்பானால் கீழே எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் பயனில்லை. பெரும்பாலான விடைத்தாள்களில் மதிப்பெண் போவது இங்கேதான், கட்டத்தில் அல்ல.

இப்போது சின்னக் கட்டங்கள். ஓரத்தில் இனச்செல்லை மட்டும் எழுதாமல் அதன் நிகழ்தகவையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

```
தண்டு: Aa × aa
             a (1)
A (1/2)      Aa 1/2
a (1/2)      aa 1/2

இலை: Cc × Cc
             C (1/2)     c (1/2)
C (1/2)      CC 1/4      Cc 1/4
c (1/2)      Cc 1/4      cc 1/4
```

பழத்துக்கும் இலையைப் போலவே Rr × Rr. aa செடிக்கு ஓரத்தில் ஒரே ஒரு a போதும், ஏனென்றால் அதற்கு ஒரே வகை இனச்செல்தான். இரண்டு முறை எழுதினாலும் விடை மாறாது, ஆனால் பெட்டி இரட்டிப்பாகும், எண்ணும்போது கை தவறும்.

இனி பெருக்கல். ஊதா 1/2, வெட்டிலை 3/4, மஞ்சள் 1/4. மூன்றும் ஒரே செடியில் வேண்டும் என்பதால் 1/2 × 3/4 × 1/4 = 3/32. முழுக் கட்டமாகப் போட்டிருந்தால் ஒரு பக்கம் 8 இனச்செல், இன்னொரு பக்கம் 4, மொத்தம் 32 பெட்டி. அதில் 3 பெட்டியைத் தேடிப் பிடித்திருப்பீர்கள். விடை அதேதான், சின்னக் கட்டங்களில் தப்பு நேரும் வாய்ப்புத்தான் குறைவு.

பெரிய கட்டம் போட்டே ஆக வேண்டும் என்று கேள்வியே கேட்டால், பெட்டிக்குள் போகும் முன் ஓரத்தைச் சரிபாருங்கள். ஒவ்வொரு இனச்செல்லிலும் ஒவ்வொரு ஜீனுக்கும் ஒரே ஒரு எழுத்து இருக்க வேண்டும். AaCc செடியின் இனச்செல்கள் AC, Ac, aC, ac. அதை Aa, Cc என்று எழுதியிருந்தால் அந்தக் கட்டம் முழுவதும் வீண். இனச்செல் வகைகளின் எண்ணிக்கைக்கு, இரண்டு எழுத்தும் வேறுபடும் ஜீன்களை மட்டும் எண்ணி, 2ஐ அத்தனை முறை பெருக்குங்கள். aaCcRr செடியில் அப்படிப்பட்டவை இரண்டு, ஆகவே 4 வகை.

எங்கே பெருக்குவது, எங்கே கூட்டுவது என்று கேட்டீர்கள். ஒரே செடியில் இதுவும் அதுவும் வேண்டுமென்றால் பெருக்கல். இது அல்லது அது, இரண்டும் ஒன்றாக வரவே முடியாது என்றால் கூட்டல்: CC அல்லது Cc என்பது 1/4 + 1/2 = 3/4. சிக்கல் வருவது ஒன்றாகவும் வரக்கூடியவற்றில். "பச்சைத் தண்டு அல்லது உருளை இலை, ஏதாவது ஒன்றாவது இருக்கும் செடிகள் எத்தனை பங்கு?" என்று கேட்டால் பலர் 1/2 + 1/4 = 3/4 என்று எழுதிவிடுவார்கள். பச்சைத் தண்டும் உருளை இலையும் சேர்ந்த செடிகள் (1/8) இதில் இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டன. எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது சுலபம்: இரண்டுமே இல்லாதது, அதாவது ஊதாவும் வெட்டிலையும், 1/2 × 3/4 = 3/8. மீதி 5/8. கேள்வியில் "ஒன்றாவது" என்ற சொல்லைப் பார்த்தால் உடனே 1இலிருந்து கழிக்கும் வழிக்குப் போங்கள்.

எதால் வகுப்பது என்பதுதான் இருப்பதிலேயே வழுக்கும் இடம். "பிள்ளைகளில் ஒரு வெட்டிலைச் செடியை எடுக்கிறோம். அது Cc ஆக இருக்க வாய்ப்பு?" என்றால் விடை 1/2 இல்லை. செடியைப் பார்த்தாயிற்று, அது வெட்டிலை. ஆகவே cc பெட்டியை அடித்துவிடுங்கள். மிச்சம் மூன்று பெட்டி, அதில் இரண்டு Cc. விடை 2/3. மெண்டல் இதையே செடி வளர்த்துக் காட்டினார். உருண்டைப் பட்டாணி விதைகளிலிருந்து வளர்த்த 565 செடிகளில் 193 செடிகள் உருண்டை விதை மட்டும் தந்தன, 372 செடிகள் இரண்டு வகையும் தந்தன. ஏறத்தாழ ஒன்றுக்கு இரண்டு.

இந்த 2/3ஐ மனப்பாடம் செய்தவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. நம் கலப்பில் பிறந்த ஒரு ஊதா, வெட்டிலை, சிவப்புச் செடி மூன்று ஜீனிலும் மாறுபட்ட பண்பிணைவாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? 2/3ஐ மூன்று முறை பெருக்கினால் 8/27 வரும். தப்பு. தண்டுக் கட்டத்தைத் திரும்பப் பாருங்கள்: ஒரு பெற்றோர் aa என்பதால் அங்கே AA பெட்டியே இல்லை. ஊதாவாக வந்த பிள்ளை ஒவ்வொன்றும் கட்டாயம் Aa. ஆகவே 1 × 2/3 × 2/3 = 4/9. இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். AaCcRr வர 1/2 × 1/2 × 1/2 = 4/32. ஊதா, வெட்டிலை, சிவப்பு வர 1/2 × 3/4 × 3/4 = 9/32. 4ஐ 9ஆல் வகுத்தால் அதே 4/9. கண்ணால் பார்த்தே தெரிந்துகொண்ட தகவல் எதுவோ, அதன் நிகழ்தகவுதான் கீழே வகுக்கும் எண்.

ஒரு வெட்டிலைச் செடி CC யா Cc யா என்று கண்டுபிடிக்கச் சொன்னால்? தன்மகரந்தச் சேர்க்கை செய்து பத்து நாற்று வளர்க்கிறோம், பத்தும் வெட்டிலை என்று வையுங்கள். Cc ஆக இருந்தும் இப்படி வர வாய்ப்பு (3/4)^10, சுமார் 0.056. ஆரம்பத்திலேயே Cc க்கு 2/3, CC க்கு 1/3 வாய்ப்பு இருந்ததைச் சேர்த்துக் கணக்கிட்டால்:

```
(2/3 × 0.056) ÷ (1/3 + 2/3 × 0.056) ≈ 0.10
```

பத்துப் பிள்ளையும் வெட்டிலையாக வந்த பிறகும், அது Cc என்பதற்குப் பத்து சதவீத வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. அதே செடியை cc உடன் சோதனைக் கலப்பு செய்திருந்தால் (3/4)^10 இருந்த இடத்தில் (1/2)^10 வரும், சந்தேகம் 0.2 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். சோதனைக் கலப்புக்கு ஒடுங்கு பண்புச் செடியையே ஏன் எடுக்கிறார்கள் என்பதற்கு இந்த இரண்டு எண்கள் போதும்.

அடுத்து, எத்தனை விதை போட்டால் வேண்டியது கிடைக்கும் என்ற கேள்வி. நம் கலப்பில் பச்சைத் தண்டு, உருளை இலை, மஞ்சள் பழம் மூன்றும் சேர்ந்த aaccrr வர வாய்ப்பு 1/2 × 1/4 × 1/4 = 1/32. "அப்படியென்றால் 32 விதை போட்டால் ஒன்று கிடைக்கும்" என்பது பொதுவான நினைப்பு. சராசரி ஒன்று என்பது சரி. ஆனால் ஒன்றுகூட வராமல் போக வாய்ப்பு (31/32)^32, அதாவது சுமார் 0.36. மூன்றில் ஒரு தடவைக்கு மேல் வெறுங்கைதான். 95 சதவீத உறுதி வேண்டுமானால் (31/32)^n என்பது 0.05ஐத் தாண்டக் கூடாது:

```
n = log 0.05 ÷ log (31/32) = 94.4  →  95
```

நம் பக்க நாற்றங்கால்களில் தேங்காய் நார்க்கழிவு நிரப்பி வைக்கிற 98 குழித் தட்டு ஒன்றுக்குக் கணக்காக இது பொருந்துகிறது. ஆனால் 95 என்பது முளைத்து நிற்கும் நாற்றின் எண்ணிக்கை, விதையின் எண்ணிக்கை அல்ல. எண்பது சதவீதம் முளைத்தால் 78 நாற்றுதான் நிற்கும், உறுதி சுமார் 92 சதவீதமாக இறங்கும். பரீட்சையில் முளைப்புத்திறனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றால் எல்லாம் முளைத்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

தட்டில் எண்ணும்போது ஒரு விஷயம். தண்டின் ஊதா நிறம் விதையிலைக்குக் கீழே இருக்கும் இளந்தண்டிலேயே தெரிந்துவிடும், நாற்று பெரிதாகும் வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் அந்த நிறம் ஏற வெளிச்சம் வேண்டும். அடர்ந்த நிழல்வலைக்குள் இருக்கும் நாற்றில் ஊதா வெளிறிப்போய் பச்சை மாதிரியே இருக்கும். பாதிப் பாதி வர வேண்டிய இடத்தில் பச்சை கூடுதலாக வந்தால் மெண்டலைச் சந்தேகிக்கும் முன் தட்டை வெளிச்சத்துக்கு நகர்த்திவிட்டுத் திரும்ப எண்ணுங்கள். இலை வகையை முதல் உண்மையிலைகள் விரிந்த பிறகுதான் பிரிக்க முடியும். விதையிலை எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பழத்தின் நிறத்தில் இன்னொரு ஏமாற்று. மஞ்சள் பழச் செடியின் பூவில் சிவப்புப் பழச் செடியின் மகரந்தத்தைப் போட்டால், அந்தப் பூவிலிருந்து வரும் பழம் மஞ்சளாகத்தான் பழுக்கும். பழத்தின் சதை தாய்ச் செடியின் திசு. அடுத்த தலைமுறை உள்ளே விதையில் இருக்கிறது. அந்த விதையை விதைத்து வளர்த்த செடியின் பழத்தில்தான் கலப்பின் விளைவைப் பார்க்க முடியும். பட்டாணியின் உருண்டை, சுருக்கம் அப்படியல்ல. அது விதைக்குள் இருக்கும் கருவின் பண்பு, அதனால் கலந்த பூவின் காயிலேயே தெரிந்துவிடும். எந்தத் தலைமுறையை எண்ணுகிறோம் என்று கேள்வியைப் படிக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

9:3:3:1 தவிர வேறு விகிதம் வந்தாலும் பயப்பட வேண்டாம். கட்டம் மாறுவதில்லை, பெட்டிகளுக்கு நாம் வைக்கும் பெயர்தான் மாறுகிறது. தக்காளியில் சதையின் நிறத்தை R தீர்மானிக்கிறது, தோலின் நிறத்தை Y என்ற இன்னொரு ஜீன் தீர்மானிக்கிறது. Y இருந்தால் தோல் மஞ்சள், yy என்றால் நிறமில்லாத தோல். சிவப்புச் சதைமேல் மஞ்சள் தோல் இருந்தால் பழம் சிவப்பு, நிறமில்லாத தோல் இருந்தால் இளஞ்சிவப்பு. மஞ்சள் சதைமேல் மஞ்சள் தோல் இருந்தால் நல்ல மஞ்சள், நிறமில்லாத தோல் இருந்தால் வெளிர்மஞ்சள். RrYy × RrYy இல் 9 சிவப்பு, 3 இளஞ்சிவப்பு, 3 மஞ்சள், 1 வெளிர்மஞ்சள். கடைசி இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எல்லாம் மஞ்சள் என்று எழுதியவருக்கு அது 9:3:4 ஆகிவிடும். விகிதத்தின் எண்களைக் கூட்டினால் 16 வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இரண்டு ஜீன்கள், இரண்டு பக்கமும் மாறுபட்ட பண்பிணைவு என்று ஊகித்து, எந்தப் பெட்டிகள் ஒன்றாகச் சேர்ந்தன என்று தேடலாம்.

இனி பெருக்கல் பொருந்தாத இடம். தக்காளிச் செடி ஓயாமல் நீண்டு வளர்வதும் (S), ஓரளவு வளர்ந்து நுனியில் பூத்துத் தானே நின்றுவிடுவதும் (s) ஒரு ஜீனின் வேலை. அது c இருக்கும் அதே 6ஆவது குரோமோசோமில், அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இவை சார்பின்றி ஒதுங்காது, சேர்ந்தே போகும். இங்கே சின்னக் கட்டங்களைப் பெருக்கினால் தவறான விடைதான் வரும். இரண்டு ஜீனையும் ஒரே கட்டத்தில் வைத்து, ஓரத்தில் இனச்செல்லின் உண்மையான நிகழ்தகவை எழுத வேண்டும். முதலிலிருந்தே ஓரத்தில் பின்னம் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

குறுக்கேற்றத்தால் மாறிய இனச்செல்கள் 4 சதவீதம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். CCSS × ccss கலந்து வந்த முதல் தலைமுறைச் செடி CS 0.48, cs 0.48, Cs 0.02, cS 0.02 என்று இனச்செல்களைத் தரும். அதைத் தன்மகரந்தச் சேர்க்கை செய்தால் ccss வர வாய்ப்பு 0.48 × 0.48 = 0.23. பெருக்கல் விதியை நம்பியிருந்தால் 1/16, அதாவது 0.06 என்று எழுதியிருப்போம். அதே CcSs செடி CCss × ccSS பெற்றோரிலிருந்து வந்திருந்தால் அதிகம் வருவது Cs உம் cS உம், cs வெறும் 0.02. அப்போது ccss வர வாய்ப்பு 0.02 × 0.02 = 0.0004, பத்தாயிரத்துக்கு நான்கு. ஜீனாக்கத்தை CcSs என்று மட்டும் எழுதினால் இரண்டு செடியும் ஒன்றுபோலத் தெரியும், எந்த எழுத்து எதோடு வந்தது என்ற தகவல் அதில் இல்லை. பிணைப்புக் கணக்கில் CS/cs அல்லது Cs/cS என்று கோடு போட்டு எழுதுவது அதனால்தான்.

கேள்வியில் சொல்லாதபோது பிணைப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, சோதனைக் கலப்பின் எண்களைப் பாருங்கள். CcSs × ccss இல் நான்கு வகையும் ஏறத்தாழ சமமாக வந்தால் தனித்தனிக் கட்டம் போட்டுப் பெருக்கலாம். இரண்டு வகை மிக அதிகமாகவும் மற்ற இரண்டு மிகக் குறைவாகவும் வந்தால், அதிகமான இரண்டும் பெற்றோரிடமிருந்து வந்த சேர்க்கை. குறைவான இரண்டையும் கூட்டி மொத்தத்தால் வகுத்தால் குறுக்கேற்றத்தின் அளவு. 200 நாற்றில் 97, 95, 5, 3 என்று வந்தால் 8/200, அதாவது 4 சதவீதம். அதில் பாதியை, 0.02ஐ, குறைவான இனச்செல் ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் எழுதுங்கள். மிச்சமுள்ள 0.96இல் பாதி, 0.48, மற்ற இரண்டில் ஒவ்வொன்றுக்கும் போகும்.